“இவ்வறிவிப்பு கண்ட 15 தினங்களுக்குள்”: சாலை விரிவாக்க அழைப்பைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், அழைப்பைக் கொஞ்சம் எளிமையாக்கிக் கொடுங்கள் என்று வேலை வரும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் உடனே சொற்களில்தான் கைவைக்கிறார்கள். ‘மேற்படி’ போகும், ‘உத்தேசிக்கப்பட்டுள்ளது’ போகும், ‘அன்புடையீர்’ வந்து உட்காரும். படிக்க இதமாக இருக்கும். ஆனால் படித்து முடித்தவரிடம் “எப்போது, எங்கே கொடுக்கணும்?” என்று கேட்டால் விழிப்பார்.

எழுத்துப்பிழை, போன் எண்ணில் ஒரு இலக்கம் விடுபடுவது போன்றவை இங்கே வேண்டாம். அவற்றைப் புரூஃப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பக்கம் ஒரு மாநிலச் சாலை என்று வைத்துக்கொள்வோம். சாலையும் அளவுகளும் மாதிரிக்குத்தான். வாசகம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்:

“மேற்படி சாலையை கி.மீ. 3/4 முதல் 6/8 வரை அகலப்படுத்தி மேம்படுத்த உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை ஏதுமிருப்பின் இவ்வறிவிப்பு கண்ட 15 தினங்களுக்குள் கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலருக்கு எழுத்துமூலமாகத் தெரிவிக்கலாம். தவறும்பட்சத்தில் ஆட்சேபணை ஏதுமில்லை எனக் கருதப்படும்.”

“கி.மீ. 3/4”

நெடுஞ்சாலைத் துறையில் இது 3 கிலோமீட்டர் 400 மீட்டர். ஊரில் இது முக்கால் கிலோமீட்டர். சாலையோரக் கல்லில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று பொறியாளர் சொல்வார். கல்லைப் பார்த்து வீட்டுக்கு வழி சொல்கிறவர் யாருமில்லை. “மாரியம்மன் கோயில் வளைவிலிருந்து ஏரிக்கரைப் பாலம் வரை, சுமார் 3.4 கி.மீ.” என்று எழுதுங்கள். கி.மீ. கணக்கு வேண்டுமென்றால் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

அகலமும் இதே கதைதான். “7 மீட்டர் சாலை 10 மீட்டராகிறது” என்றால் தார் மட்டும்தான் 10 மீட்டர். இருபுற மண்ணோரமும் வடிகாலும் அதற்கு வெளியே வரும். படிப்பவரோ, கூடுவது 3 மீட்டர்தானே, நம் பக்கம் ஒன்றரை மீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். வீட்டுக்காரருக்குத் தேவையான அளவு ஒன்றே ஒன்று: இப்போதுள்ள சாலையின் நடுக்கோட்டிலிருந்து தன் பக்கம் எத்தனை அடி. மாதிரிச் சாலையில் பாதித் தார் 5 மீட்டர், மண்ணோரம் 1 மீட்டர், வடிகால் 1 மீட்டர், ஆக மொத்தம் 7 மீட்டர். “நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7 மீட்டர் (சுமார் 23 அடி)” என்று எழுதினால் டேப்பை எடுத்துப் போய் அளந்துவிடுவார். வளைவை நேராக்கும் இடங்களில் நடுக்கோடே நகர்ந்துவிடும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அந்த இடங்களுக்கு மட்டும் சர்வே எண்களை உட்பிரிவோடு போட்டு, “இங்கே வரைபடத்தைப் பார்க்கவும்” என்று எழுதுங்கள். வரைபடம் எங்கே, எந்த நேரத்தில் பார்க்கக் கிடைக்கும் என்பதும் கூடவே வரவேண்டும்.

“கண்ட 15 தினங்களுக்குள்”

எத்தனை பேர் எத்தனை முறை திருத்திக் கொடுத்தாலும் இந்த ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. மற்ற வரிகளையெல்லாம் அழகாக மாற்றிவிட்டு, “சட்ட வாசகம், தொடக்கூடாது” என்று இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

‘கண்ட’ என்றால் யார் கண்டது? அறிவிப்பில் கண்ட தேதியிலிருந்தா, அறிவிப்பை நான் கண்ட நாளிலிருந்தா? இரண்டு பொருளும் தமிழில் சரிதான், சிக்கலே அதுதான். எழுதியவர் மனத்தில் முதலாவது, படிப்பவர் மனத்தில் இரண்டாவது.

நாள் போட்டுப் பார்த்தால் எவ்வளவு விலகுகிறது என்று தெரியும். அலுவலர் கையெழுத்திட்டது 2026 ஜூலை 3, வெள்ளி. நாளிதழில் வந்தது ஜூலை 7, செவ்வாய். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியது ஜூலை 9, வியாழன். தபாலில் வீட்டுக்கு வந்தது ஜூலை 13, திங்கள். பதினைந்து நாள் கூட்டினால் கடைசி நாள் முறையே ஜூலை 18, 22, 24, 28. தபாலில் வாங்கியவர் 27-ஆம் தேதி, ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்று மனுவோடு வருவார். கவுன்டரில் இருப்பவர் 18-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். 18 சனிக்கிழமை என்பதால் வெள்ளியோடு முடிந்ததா, திங்கள் வரை உண்டா என்று இன்னொரு சண்டை. கையெழுத்துப் போட்ட நாளுக்கும் வீட்டுக்கு வந்த நாளுக்கும் இடையிலேயே பத்து நாள் போய்விட்டது. பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டு ஐந்து நாள் கொடுத்திருக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் இது இன்னும் கடிக்கும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கிற ஊர்களில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அவர் எல்லையில் இருப்பார். அறிவிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் பார்த்து, பதில் எழுதி வருவதற்குள் கெடு போய்விடும். அவர் அறிவிப்பைக் ‘கண்ட’ நாள் எது என்று யார் சொல்வது?

திருத்தம் ஒரு வரிதான். நாள், கிழமை, மணி மூன்றும் இருக்க வேண்டும்:

“உங்கள் கருத்து 2026 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.”

‘வந்து சேர’ என்பதைக் கவனியுங்கள். ‘அனுப்ப வேண்டும்’ என்று எழுதினால் அன்று மாலை தபால் பெட்டியில் போட்டவரும் கெடுவுக்குள்தான் வருகிறார். எதை ஏற்பது என்று அலுவலகத்தில் முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற வினைச்சொல்லைப் போடுங்கள். திங்கட்கிழமை வைத்ததற்கும் காரணம் உண்டு. அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் பலரும் எப்படியும் வருவார்கள், மனுவைக் கையோடு கொண்டுவரலாம். அதற்கு முந்தைய திங்கள் ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, அதனால் 10. காலண்டரைப் பார்க்காமல் தேதி போடாதீர்கள், தமிழ்க் காலண்டரை.

தேதி போட்டால் அச்சாகித் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி நாளை வைத்துக்கொண்டு, ஒட்டுவதும் தபால் சேர்வதும் எந்த நாளுக்குள் முடியவேண்டும் என்று குறியுங்கள். அந்த நாள் தவறினால் கெடுவைத் தள்ளி, புதுத் தேதியோடு மறுபடி ஒட்டுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு தேதி பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் முதலில் இருந்ததைவிட மோசம்.

“கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலர்”

நாளிதழில் கையொப்பம் தெரியாது. பதவி, கட்டடம், மாடி, அறை எண், வேலை நேரம் எழுதுங்கள். நேரில், தபாலில், வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில் என்று எந்த வழியெல்லாம் செல்லுமோ அதை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப் எண் கொடுத்தால் அந்த போன் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். மாற்றலாகிப் போகிறவரின் சொந்த எண்ணைப் போடாதீர்கள். நேரில் கொடுப்பவருக்கு நகலில் தேதி முத்திரை போட்டுத் தரப்படும் என்ற வரியும் தேவை. அது இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

“ஆட்சேபணை ஏதுமிருப்பின்”

இப்படிக் கேட்டால் எதிர்ப்பவர் மட்டுமே பேசுவார். பஸ் நிறுத்தத்தை எந்தப் பக்கம் வைப்பது, ஏரிக்குப் போகிற தண்ணீர் எந்தச் சிறுபாலத்தின் அடியில் ஓடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கே கடக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்தவர், தனக்கு ஆட்சேபணை இல்லையே என்று சும்மா இருந்துவிடுவார். அந்த மூன்றையும் கேள்வியாகவே கேளுங்கள். பட்டாதாரர் மட்டுமல்ல, வாடகைக் கடைக்காரர், குடியிருப்பவர், அந்த வழியாகப் போகிறவர் யாரும் எழுதலாம் என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பட்டா நகல் இல்லாதவர்கள் வரவே மாட்டார்கள்.

முடிவாகிவிட்டதைக் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

“தவறும்பட்சத்தில்…”

எடுத்துவிடுங்கள்.

இது நில எடுப்பு நோட்டீஸா?

அழைப்பைப் படித்ததும் பாதிப் பேருக்கு வரும் கேள்வி இதுதான். அழைப்பில் பதில் இராது. கருத்துச் சொல்லிவிட்டோம், ஆட்சேபணை பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு நில எடுப்பு நோட்டீஸ் வரும்போது, அதான் அன்றைக்கே சொன்னோமே என்று பதில் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

கருத்துக்கேட்பு வேறு, சட்டப்படியான ஆட்சேபணை வேறு. மாநிலச் சாலையென்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன் 15-ஆவது பிரிவின்படி, நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று உரிமையாளரிடமும் அதில் உரிமையுள்ள மற்றவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். பதில் சொல்லும் காலம் அந்த நோட்டீஸிலேயே இருக்கும். தேசிய நெடுஞ்சாலையானால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போகும் பெரிய சாலை தேசிய நெடுஞ்சாலை, அதிலிருந்து பிரிகிற சாலை அப்படி இல்லாமல் இருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் தார்ச்சாலைதான். எந்த வகை என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டு இந்த நான்கு வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்:

“இது நில எடுப்பு நோட்டீஸ் அல்ல. உங்கள் நிலம் தேவைப்பட்டால் தனி நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் மறுபடியும் எழுத்தில் பதில் தர வேண்டும். இப்போது தரும் கருத்து அந்தப் பதிலாகாது.”

சட்ட நோட்டீஸின் வாசகத்தில் நீங்கள் கைவைக்க முடியாது. அதன் மேல் ஒரு தாள் வைத்து 21 நாள் எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதித் தரலாம். அந்தத் தேதியை நில எடுப்பு அலுவலரே எண்ணிச் சொல்லட்டும்.

உருது, தெலுங்கு

பேரணாம்பட்டுப் பக்கமானால் உருது, ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. தேதி வரியை மட்டுமாவது அந்த மொழியிலும் போடுங்கள்.

ஆட்டோவில் படிக்கிற அறிவிப்பு

அச்சடித்ததை அப்படியே மைக்கில் படிக்கக் கொடுக்காதீர்கள். ஓடும் ஆட்டோவிலிருந்து ஒரு வீட்டு வாசலில் கேட்பது பத்துப் பதினைந்து விநாடிதான். “கோயில் வளைவு முதல் ஏரிப் பாலம் வரை ரோடு அகலமாகிறது. உங்கள் கருத்தை ஆகஸ்ட் பத்து, திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் கொடுங்கள். விவரம் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருக்கிறது.” இவ்வளவுதான், திரும்பத் திரும்ப. பீடி சுற்றுகிறவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிற்பகலில் ஒரு சுற்று, தோல் ஷாப் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு இன்னொரு சுற்று.