ஆரூட லக்னம் எண்ணும்போது சறுக்கும் இடம்

புதிதாக ஜைமினி முறை படிப்பவர்களின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், என் பழைய நோட்டைப் பார்ப்பது போலவே இருக்கிறது. லக்னம் உள்ளே இருக்கும் ஆள், ஆரூட லக்னம் ஊர் கண்ணுக்குத் தெரியும் ஆள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த ஊர் கண் எந்த ராசியில் இருக்கிறது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எண்ணி முடித்ததும் பேனாவை மூடுவது

லக்னத்திலிருந்து லக்னாதிபதி எத்தனையாவது ராசியில் இருக்கிறாரோ, அவரிடமிருந்து அத்தனை ராசி எண்ணினால் ஆரூடம். இதுவரை யாரும் தவறுவதில்லை. ஆனால் எண்ணிக்கை லக்னத்திலேயோ அதற்கு ஏழிலேயோ விழுந்தால் அதை ஆரூடமாக எடுக்கக் கூடாது. விழுந்த இடத்துக்குப் பத்தாவது ராசியை எடுக்க வேண்டும். பராசர ஹோரையிலும் இந்த விதி உண்டு. நான் அதைப் படித்திருந்தும் பயன்படுத்தாமல் விட்டேன்.

ஒரு பெண்ணின் ஜாதகம். கடக லக்னம், நான்காமிடமான துலாத்தில் சந்திரனும் சுக்கிரனும், மகரத்தில் சனி. கடகத்திலிருந்து துலாம் நான்கு, துலாத்திலிருந்து நான்கு எண்ணினால் மகரம். அங்கே சனி ஆட்சியில் இருக்கிறாரே என்று, "உங்களைப் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள், சிடுமூஞ்சி என்பார்கள்" என்று அளந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் தட்டு அலங்கரிக்க இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

மகரம் லக்னத்துக்கு ஏழு. அதற்குப் பத்தாவது ராசி துலாம். சந்திரனும் சுக்கிரனும் இருக்கும் அதே துலாம்தான் ஆரூடம்! ஊர் பார்ப்பது அந்த அலங்காரத்தையும் இனிமையையும்தான். கடக லக்னம் காட்டும் ஆள் வேறு. விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், யாரோ சொன்ன ஒரு சொல்லை நினைத்துத் தூங்காமல் கிடப்பேன் என்று அவரே சொன்னார். அந்தக் கலக்கம் ஊருக்குத் தெரியாது. நான் எடுத்த சனியும் ஏழாமிடத்துக்காரர். அவரைக் கணவர் விஷயத்தில் பேசியிருக்க வேண்டும்.

லக்னாதிபதி 1, 4, 7, 10 என எந்தக் கேந்திரத்தில் இருந்தாலும் எண்ணிக்கை லக்னத்திலோ ஏழிலோதான் போய் விழும். ஒன்றிலும் ஏழிலும் இருந்தால் ஆரூடம் பத்தாமிடம். நான்கிலும் பத்திலும் இருந்தால் நான்காமிடம். மென்பொருள் போட்டுக் கொடுத்தாலும் இதை ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மென்பொருளின் அமைப்புகளில் இந்த விதிவிலக்கு அணைந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஜாமக்கோள் ஆரூடத்தோடு குழப்புவது

அது கேள்வி கேட்ட நேரத்துக்கு. இது பிறந்த நேரத்துக்கு.

சந்தி லக்னம்

லக்னம் ராசியின் விளிம்பில் இருந்தால் முதலில் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். மகரத்துக்கும் கும்பத்துக்கும் சனியே அதிபதி என்பது தவிர, லக்னம் ஒரு ராசி நகர்ந்தால் அதிபதியே மாறிவிடுவார். அப்புறம் ஆரூடம் பக்கத்து ராசிக்குத்தான் போகும் என்று இல்லை, எங்கேயோ போய் நிற்கும்.