ஆய்வுக் கட்டுரையின் செய்முறையைப் பொதுவாசகருக்கு எழுதுவது: இட்லி மாவை வைத்து ஒரு பயிற்சி

இத்தகைய கட்டுரைகளின் நடையில், பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி இது:

"10 கிராம் மாவு 90 மில்லி நுண்ணுயிர் நீக்கிய உப்புக்கரைசலில் கலக்கப்பட்டு, 10⁻⁶ வரை தொடர் நீர்ப்பு செய்யப்பட்டது. 0.1 மில்லி, எம்.ஆர்.எஸ். அகாரில் மும்முறை பரப்பப்பட்டு, 37 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைக்கப்பட்டது. 30–300 காலனிகள் கொண்ட தட்டுகள் எண்ணப்பட்டன."

முதலில் இதை அச்செடுத்துப் பென்சிலால் குறியிடுங்கள். திரையில் படித்தால் எண்கள் கண்ணிலிருந்து நழுவிவிடும். எந்த எண்ணை மாற்றினால் முடிவு மாறுமோ அது கட்டாயம் இருக்க வேண்டும். கருவியின் நிறுவனப் பெயர் வேண்டாம்.

அடுத்து, நீர்ப்பு. சறுக்குமிடம் இதுதான். "பத்து லட்சம் மடங்கு நீர்த்தார்கள்" என்று எழுதி நிறுத்திவிட்டால் கணக்கு பத்து மடங்கு பிசகும். நான் இப்படி எழுதுவேன்:

"மாவைக் கரைசலில் கலந்ததும் அது பத்து மடங்கு நீர்த்தது. அதில் 1 மில்லி எடுத்து 9 மில்லி புதிய கரைசலில் சேர்த்தார்கள், நூறு மடங்கு. முதல் கலவையையும் சேர்த்து ஆறு படிகள் முடிந்தபோது பத்து லட்சம் மடங்கு. அந்தக் கடைசிக் குழாயிலிருந்து ஒரு மில்லிகூட எடுக்கவில்லை, ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கைத்தான் தட்டில் பரப்பினார்கள்."

இப்போது மூலத்தை மூடிவிட்டு, உங்கள் பத்தியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். தட்டில் 85 காலனிகள் என்றால், 85 × 1,00,00,000. ஒரு கிராமுக்கு 85 கோடி. மூலத்தை வைத்துப் போட்டாலும் இதே விடை வர வேண்டும். வாசகருக்கு 8.5 × 10⁸ என்பதைவிட 85 கோடி எளிது, மதிப்பும் மாறவில்லை.

ஆனால் "85 கோடி பாக்டீரியாக்கள்" என்று எழுதாதீர்கள். ஒட்டியிருக்கும் பல செல்களிலிருந்தும் ஒரே காலனி எழும். மேலும், எம்.ஆர்.எஸ். லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு உகந்த ஊடகம். மாவிலுள்ள எல்லா நுண்ணுயிரும் அதில் வளராது. ஆகவே "இந்த ஊடகத்தில் வளர்ந்து காலனியாகக்கூடிய அலகுகள்" என்பதே சரி. சற்று நீளம்தான், பரவாயில்லை.

"மும்முறை" என்பதிலும் கவனம் தேவை. ஒரே குழாயிலிருந்து மூன்று தட்டுகளா, மூன்று தனித்தனி மாவுகளா? மூலம் சொல்லவில்லை என்றால், "மூன்று மாவுகளைச் சோதித்தார்கள்" என்று நீங்களாக நிரப்பக் கூடாது.

பிற்சேர்க்கை: 30–300 எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முப்பதுக்குக் கீழே போனால் தற்செயலான ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடும். முந்நூறைத் தாண்டினால் காலனிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போகும். சில ஆய்வகங்கள் 25–250 என்று வைத்துக்கொள்ளும். மூலத்தில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.