கணக்கு மாறியதாக மெயில் வந்தால் பழைய நம்பருக்குக் கூப்பிடுங்கள்

சப்ளையர் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் அனுப்பினால், அதிலுள்ள நம்பரை விட்டுவிட்டு, பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயில் பெட்டியே திருடன் கையில் இருந்தால், பதில் மெயில் போட்டுக் கேட்டாலும் அவனேதான் "ஆமாம், சரிதான்" என்பான். கேன்சல் செய்த செக்கையும் போலியாகத் தயாரித்து அனுப்புவான். நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணை வைத்தே வரவாகிறது, பணம் பெறுபவர் என்று நாம் எழுதும் பெயர் அதைத் தடுக்காது. அப்புறம், புதுக் கணக்குக்கு 7 ரூபாய் மாதிரி ஒரு சின்னத் தொகை அனுப்பி, எவ்வளவு வந்தது என்று போனில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

புது சப்ளையருக்கு இது உதவாது, பழைய நம்பரே இருக்காதே. போன மாதம்தான் மெயில் மூலம் போன் நம்பரையும் மாற்றியிருந்தார்கள் என்றால், அதற்கும் முந்தைய நம்பரைத் தேடுங்கள்.