பத்தில் ஏழு ஜெயித்தும் ஏன் நஷ்டம்?

பிட்காயின் ஃப்யூச்சர்ஸில் சின்னச் சின்ன விலை நகர்வைப் பிடிக்கும் ஸ்கால்பிங் செய்த முதல் மாதம், பத்து டிரேடில் ஏழு ஜெயித்தும் கணக்கு கரைந்துகொண்டே வந்தது. ஒரு ராத்திரி டிரேட் ஹிஸ்டரியை வரிவரியாகப் பார்த்தேன்.

என் பொசிஷன் 10,000 டாலர், டார்கெட் 0.15%, அதாவது 15 டாலர். மார்க்கெட் ஆர்டரில் நுழைந்து, அதிலேயே வெளியேறினேன். உடனே நிறைவேறும் ஆர்டருக்கான டேக்கர் கட்டணம் 0.05% வீதம் இரு பக்கமும் சேர்த்து 10 டாலர். எதிர்பார்த்த விலை நழுவும் ஸ்லிப்பேஜில் இன்னும் 2. கையில் நின்றது 3 டாலர்! 10 டாலர் நஷ்டத்தில் வெளியேற்றும் ஸ்டாப் அடித்தாலோ, கட்டணமும் ஸ்லிப்பேஜும் சேர்ந்து 22 போனது. ஏழு வெற்றியை ஒரே தோல்வி தின்றுவிடும்.

இப்போது நுழைவும் டார்கெட்டும் லிமிட் ஆர்டர்தான். நுழைவில் `Post Only` கட்டாயம். உடனே நிறைவேறுகிற விலையென்றால் ஆர்டர் ரத்தாகிவிடும், டேக்கர் கட்டணம் விழாது. காத்திருந்து நிறைவேறும் ஆர்டருக்கான மேக்கர் கட்டணம் 0.02% என்பதால் இரு பக்கமும் சேர்த்து 4 டாலர்தான், 11 மிஞ்சுகிறது. ஸ்டாப்பை மட்டும் மார்க்கெட்டிலேயே விட்டேன், அங்கே வெளியேறுவதுதான் முக்கியம்.

இதிலும் ஒரு வலி உண்டு. நல்ல நகர்வு பல நேரம் என் ஆர்டரைத் தொடாமலே ஓடிவிடும். எதிராக வரும் விலையோ தவறாமல் நிரப்பிவிடும். அதனால் டார்கெட்டை 0.30% ஆக்கி, டிரேடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தேன்.