தாமதமாக வரும் ஓடிபி: ஆப் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெரிசல் நேரத்தில் ஓடிபி தாமதமாவதை ஆப் செய்பவரால் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றரை நிமிடத் தாமதம், பயனர் உள்ளே நுழையவே முடியாத நிலையாக மாறுவதற்கு ஆப்பின் வடிவமைப்பே காரணமாகிவிடலாம்.

இப்படி வைத்துக்கொள்வோம். 10:00:00 மணிக்கு ஒருவர் ஓடிபி கேட்கிறார், சர்வர் 482913 என்று அனுப்புகிறது. அது போய்ச் சேர 90 விநாடி ஆகும். 30 விநாடியிலேயே ‘மீண்டும் அனுப்பு’ பொத்தான் தெரிகிறது, அழுத்துகிறார். சர்வர் பழையதை ரத்து செய்துவிட்டு 705164 அனுப்புகிறது. 10:01:30-க்கு முதல் எண் வருகிறது. அதை அடித்தால் ‘தவறான ஓடிபி’. பதற்றத்தில் மறுபடி அழுத்த, வழியில் இருக்கும் 705164-உம் ரத்தாகிறது. இப்படி அழுத்திக்கொண்டே இருந்தால் இனி வருவதெல்லாம் ரத்தான எண்கள்தான். அவர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வரிசை இன்னும் நீளுகிறது.

புது எண் கேட்டதும் பழையதைக் கொல்வதுதான் முதல் தவறு. கடைசி 2 எண்களையும் அவற்றின் ஆயுள் முடியும்வரை ஏற்றுக்கொள்ளலாம். பாதுகாப்பு குறையாதா என்றால், 6 இலக்கத்தில் 10 லட்சம் எண்கள் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து 5 முயற்சிதான் என்று வைத்தால், குருட்டாம்போக்கில் பிடிபட லட்சத்தில் ஒரு வாய்ப்பு. முயற்சிக் கணக்கை மட்டும் ‘மீண்டும் அனுப்பு’ அழுத்தும்போது பூஜ்ஜியத்துக்குத் திருப்பக் கூடாது. அது நிஜமான ஓட்டை.

ஆயுளை 1 நிமிடமாகச் சுருக்குவதும் வேண்டாம். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான NIST-இன் வழிகாட்டியே 10 நிமிடம் வரை அனுமதிக்கிறது.

அடுத்தது வரிசை. விளம்பரச் செய்திகளையும் ஓடிபியையும் ஒரே இணைப்பில் அனுப்பாதீர்கள். விநாடிக்கு 100 செய்தி போகும் இணைப்பில் 60,000 விளம்பரங்களைக் கொட்டினால், பின்னால் வரும் ஓடிபி 10 நிமிடம் நிற்கும். ஓடிபிக்குத் தனி இணைப்பு தேவை.

அப்புறம் வடிகட்டிகள். மொபைல் நிறுவனங்கள் அனுப்புநர் பெயர், பதிவு செய்த வாசகம், உள்ளே இருக்கும் லிங்க், ஒரே எண்ணுக்கு அடிக்கடி போகும் செய்தி ஆகியவற்றைச் சோதிக்கின்றன. வாசகப் பதிவு கட்டாயமான இடங்களில், பதிவில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தாலே செய்தி நிராகரிக்கப்படலாம். அதை நெரிசல் என்று நினைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. ‘ஏற்றுக்கொண்டோம்’ என்ற முதல் பதிலை நம்பாமல் டெலிவரி ரசீதைப் பாருங்கள். சேர்ந்த நேரம் தள்ளிப்போயிருந்தால் வரிசையில் நெரிசல், நிராகரிப்பு என்று இருந்தால் வடிகட்டி. சிலசமயம் ரசீதே வராது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் எண்களுக்கு மட்டும் அப்படி ஆனால் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக, எஸ்எம்எஸ் அனுப்பப் பயன்படும் SMPP நெறிமுறை வழியாக அனுப்பினால் `validity_period` புலத்தை நிரப்புங்கள். அதை ஓடிபியின் ஆயுளுக்குச் சமமாக வைத்தால், காலாவதியான செய்திகளை மொபைல் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையம் வரிசையிலிருந்தே நீக்கிவிடும்.