ஏஐ குரலும் ஏஐ படமும்: உங்கள் வீடியோவில் எதை, எங்கே, எப்படிச் சொல்வது?

தனுஷ்கோடி புயலைப் பற்றி எட்டு நிமிட வீடியோ ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அந்த நொடியைப் பிடித்த கேமரா எதுவும் இல்லை. அதனால் ஏஐ கருவியிடம் ஒரு காட்சி கேட்கிறீர்கள்: இருட்டு, மழை, எழுந்து வரும் அலை, நடுவில் ரயில். பின்னணிக் குரலும் கணினிக் குரல்தான். இப்போது பார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்? படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: காட்சிப் பட்டியல் போடுங்கள்

எடிட்டிங்கை முடித்ததும் வீடியோவை ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் நேரத்தையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். நம் தனுஷ்கோடி வீடியோவுக்கு அது இப்படி இருக்கும்:

```
0:00  தேவாலய இடிபாடு      கேமரா
0:40  பழைய புகைப்படம்       ஏஐ வண்ணம் பூசியது
1:30  ராமேஸ்வரம் வரைபடம்    அனிமேஷன்
2:10  ரயிலும் அலையும்        முழுக்க ஏஐ
4:00  பிழைத்தவரின் வார்த்தை   பேட்டி உண்மை, குரல் ஏஐ
```

வரைபட அனிமேஷனை யாரும் நிஜம் என்று நினைக்கப்போவதில்லை, அதை விட்டுவிடலாம். கேமராவில் எடுத்ததிலும் சிக்கல் இல்லை. ஏஐ கைபட்ட மற்ற மூன்றும் கவனிக்க வேண்டியவை. பட்டியல் போடாமல் நினைவை நம்பினால் தவறிப்போவது வண்ணம் பூசிய புகைப்படம்தான். அது உண்மைப் படம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சேலையின் நிறமும் சுவரின் நிறமும் கருவியின் ஊகம்.

படி 2: யூடியூபில் குறியிடுங்கள்

2024 மார்ச்சில் யூடியூப் இதற்கென்று ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது. `studio.youtube.com` தளத்தில் வீடியோவை ஏற்றும்போது `Details` பக்கத்தில் `Show more` அழுத்தினால் `Altered content` என்ற பகுதி வரும். அங்கே மூன்று விஷயங்களைக் கேட்பார்கள்: உண்மையான ஒருவர் சொல்லாததைச் சொன்னதுபோலவோ செய்யாததைச் செய்ததுபோலவோ காட்டுகிறீர்களா, உண்மை நிகழ்வு அல்லது இடத்தின் காட்சியை மாற்றியிருக்கிறீர்களா, நடக்காத காட்சியை நிஜம்போல உருவாக்கியிருக்கிறீர்களா. ரயில் விபத்து உண்மைதான், ஆனால் காட்சி உருவாக்கியது என்பதால் அது மூன்றாவதில் விழுகிறது. `Yes` என்று கொடுங்கள்.

குறியிட்டால் வீடியோ பரவாது, வருமானம் போய்விடும் என்ற பயம் புதியவர்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் குறியிட்டதற்காகப் பரவலையும் வருமானத் தகுதியையும் குறைப்பதில்லை என்பது யூடியூபே சொல்லியிருப்பது. மாறாக, தொடர்ந்து மறைப்பவர்களின் வீடியோவை நீக்கவும், வருமானத் திட்டத்திலிருந்து நிறுத்தவும் அதற்கு இடமுண்டு. யூடியூபே ஒட்டும் குறியை நீங்கள் எடுக்கவும் முடியாது.

இந்தக் குறி பெரும்பாலும் வீடியோவின் கீழே, விவரத்தை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். உடல்நலம், தேர்தல், பணம் போன்ற விஷயங்களில் திரையின் மேலேயே பெரிதாகக் காட்டுவார்கள். விவரத்தை யார் விரிக்கிறார்கள்? அதனால் வேலை இங்கே முடிவதில்லை.

படி 3: காட்சியின் மேலேயே எழுதுங்கள்

மூன்று காரணங்களுக்காக இந்தப் படிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்.

முதல் காரணம், அந்த ரயில் காட்சியை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து "1964-ல் எடுத்த அரிய படம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். விவரப் பகுதி அதனுடன் போகாது. கோப்புக்குள் மறைந்திருக்கும் அடையாளத் தகவலும் ஸ்கிரீன்ஷாட்டில் நிற்காது. படத்தின் மேல் எழுதியதுதான் கூடவே போகும். அதையும் வெட்டிவிட முடியும் என்பதால் ஓரத்தில் ஒட்டாமல், சற்று உள்ளே தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, ஒரு காட்சிக்குக் குறி போட்டால் குறியில்லாத மற்றதெல்லாம் நிஜம் என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ரயிலுக்கு எழுதிவிட்டு வண்ணப் புகைப்படத்துக்கு எழுதாமல் விட்டால், அந்தப் புகைப்படத்துக்கு நீங்களே உறுதிமொழி கொடுத்த மாதிரி. அதனால்தான் பட்டியலை முதலில் போடச் சொன்னேன்.

மூன்றாவது, எப்படி எழுதுகிறோம் என்பது. 2024-ல் ஆல்ட்டே, கிலார்டி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செய்த சோதனையில், "ஏஐ உருவாக்கியது" என்று குறியிட்ட செய்தித் தலைப்புகளை மக்கள் குறைவாக நம்பினார்கள். தலைப்பு உண்மையானாலும், மனிதர் எழுதியதானாலும் அப்படித்தான். குறியைக் கண்டதும், மனிதர் கை படாமல் முழுக்க இயந்திரமே செய்தது என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அது தலைப்புகளை வைத்துச் செய்த சோதனைதான், ஆனால் வீடியோக்காரர்களுக்கும் அதில் பாடம் உண்டு. "இந்த வீடியோவில் ஏஐ பயன்படுத்தப்பட்டுள்ளது" என்ற பொத்தாம்பொதுவான வரி, நீங்கள் ராமேஸ்வரம் போய் எடுத்த காட்சியையும் சேர்த்தே சந்தேகப்பட வைக்கும். எது இயந்திரம், எது நீங்கள் என்று பிரித்து எழுதுங்கள்:

```
2:10  ஏஐ உருவாக்கிய காட்சி. உண்மைப் படம் அல்ல
0:40  உண்மைப் புகைப்படம். வண்ணம் மட்டும் ஏஐ
```

காட்சி ஓடும் நேரம் முழுக்க எழுத்து இருக்கட்டும். இரண்டு நொடி வந்து மறைந்தால் நடுவில் பார்க்க வந்தவருக்குத் தெரியாது. கீழே சப்டைட்டில் வரும், ஷார்ட்ஸில் வலது பக்கமும் கீழ்ப்பகுதியும் பொத்தான்களால் மறையும், ஆகவே மேல் இடது பக்கம் நல்லது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை கொடுங்கள். பிறகு போனில், வெளிச்சத்தைக் குறைத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

படி 4: குரலைக் குரலாலேயே சொல்லுங்கள்

சமையல் செய்துகொண்டே காதில் மட்டும் கேட்பவர்கள் ஏராளம். அவர்களுக்குத் திரை எழுத்து பயன்படாது. முதல் அரை நிமிடத்துக்குள் ஒரு வரி போதும்: "இதை எழுதியது நான், வாசிப்பது கணினிக் குரல்." யாருடைய குரலும் அல்லாத பொதுக் கணினிக் குரல் யூடியூபின் அந்த மூன்று கேள்விகளுக்குள் நேரடியாக வராது. ஆனாலும் சொல்லுங்கள். பத்தாவது வீடியோவில் யாராவது கண்டுபிடித்துக் கமெண்டில் எழுதினால், அதற்கு முந்தைய ஒன்பதும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

4:00-ல் வரும் பிழைத்தவரின் வார்த்தைகள் இன்னும் நுட்பமானவை. நடுங்கும் முதியவர் குரலில் அதை வாசிக்க வைத்தால் கேட்பவர் அவருடைய பதிவு என்றே நம்பி அழுவார். வேண்டாம். அதே பொதுக் குரலில், "அவர் பேட்டியில் சொன்ன வரிகள் இவை" என்று முன்னால் சொல்லி வாசிக்கவும்.

உண்மையான ஒருவரின் குரலை நகலெடுப்பதானால் அறிவிப்பு மட்டும் போதாது, அனுமதி வேண்டும். 2024-ல் 'லால் சலாம்' படத்தின் பாடலுக்கு மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அதே காலத்தில் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

படி 5: குறி போட்டபின் படத்தையே சரிபாருங்கள்

குறி, தவறான படத்துக்கு மன்னிப்பு ஆகாது. கருவிகள் ரயில் கேட்டால் தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி போடும், டீசல் எஞ்சினை நிறுத்தும், மலை உயர அலையை எழுப்பும். 1964-ல் அந்தப் பாதையில் மின்கம்பி இல்லை. "ஏஐ காட்சி" என்று எழுதியிருந்தாலும் பார்ப்பவர் மனதில் தங்குவது அந்தப் படம்தான். பழைய புகைப்படங்களுடன் ஒப்பிட்டு, பொருந்தாததை மறுபடி உருவாக்குங்கள் அல்லது தூக்கிவிடுங்கள்.

எல்லாம் வெளியிடும் முன்பே முடிய வேண்டும். `Altered content` பதிலைப் பிறகும் மாற்றலாம், விவரத்தையும் திருத்தலாம். ஆனால் வெளியான வீடியோவின் மேல் புதிதாக எழுத்துச் சேர்க்க யூடியூப் ஸ்டுடியோவில் வழி கிடையாது. அந்தப் பகுதியை வெட்டி நீக்கலாம், அல்லது திருத்திய வீடியோவை மறுபடி ஏற்றி, முதல் கமெண்டில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி, அதை மேலேயே நிற்கும்படி `Pin` செய்து வைக்கலாம்.