டேங்குக்கு எத்தனை மில்லி மருந்து?

பயிருக்கு அடிக்கும் மருந்து டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; அளவு ml/hl என்று இருந்தால், அந்த எண்ணைத் தெளிப்பான் டேங்கின் லிட்டரால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும், ஒரு டேங்குக்கான மில்லி வந்துவிடும். hl என்றால் 100 லிட்டர் தண்ணீர். 75 ml/hl, டேங்கில் 16 லிட்டர் என்றால் 12 மில்லி. மூடியால் அளக்காமல், அதற்கென்றே ஒதுக்கிய ஊசிக்குழலால் எடுங்கள். 16 லிட்டர் டேங்கில் 15 கோடு வரைதான் நிரப்புவீர்கள் என்றால் 15-ஆல் பெருக்குங்கள்.

பிரெஞ்சு லேபிளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளிதான் இருக்கும், 1,25 என்பது ஒன்றேகால். மங்கலான படத்தில் அந்தக் காற்புள்ளி மறைந்தால் 125 ஆகிவிடும், நூறு மடங்கு! சந்தேகம் வந்தால் மறுபடி படம் எடுங்கள்.

லேபிளில் L/ha என்று இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, அது ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அளவு, களைக்கொல்லிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அப்போது வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் அடித்து, ஒரு டேங்க் எத்தனை பெர்ஷுக்கு வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் மொரீஷியஸ் பெர்ஷ் சுமார் 42 சதுர மீட்டர், அதனால் 1 L/ha என்பது பெர்ஷுக்கு 4.2 மில்லி. டேங்க் 10 பெர்ஷுக்கு வந்தால், லேபிளில் 2 L/ha இருந்தால், 84 மில்லி. பவுடர் மருந்தை மட்டும் மில்லியில் அளக்காதீர்கள், அதற்குத் தராசு வேண்டும்.